ரிவிஷன் அட்டவணையில் 18 மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?

வணக்கம், பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். தங்கை சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு. இயற்பியல் பாடத்திட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். தாள் மடிப்பில் ஓர் எண் மறைந்துவிட்டது. தெரிந்தவை 16, 17, 12, 7. எழுத்துத் தேர்வு மொத்தம் 70 என்பதால் மறைந்தது 18 என்று பிடித்தோம்.

கையில் 14 நாள். நாளுக்கு 5 மதிப்பெண் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டேன். குறைகடத்தி 7 மதிப்பெண், அதற்கு ஒன்றரை நாள். சிக்கலே அந்த 18தான்: மின்காந்த அலைகளும் ஒளியியலும் சேர்த்துத்தான் அந்த எண். கிடைப்பது மூன்றரை நாள். அதைச் சரிசமமாகப் பிரித்தால் லென்ஸ் கணக்குகளுக்கே நேரம் போதாது (அவளுக்குக் குறியீட்டு விதியில் அடிக்கடி தடுமாற்றம்). அதனால் மின்காந்த அலைக்கு அரை நாள், கதிர் ஒளியியலுக்கு இரண்டு, அலை ஒளியியலுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். தேர்வு எழுதியவர்கள், பாடம் எடுப்பவர்கள் யாராவது இது சரிவருமா என்று சொல்லுங்களேன்.