மின் பணிகள் ஒப்படைப்பு: கையேட்டில் என்ன இல்லாவிட்டால் கையெழுத்துப் போடக்கூடாது?

ஷிப்ட் பொறுப்பாளர்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். புதிய கட்டடத்தின் மின் பணிகளை ஒப்பந்ததாரர் வெள்ளிக்கிழமை எங்களிடம் ஒப்படைக்கிறார். இயக்க, பராமரிப்புக் கையேடு என்று தடித்த கோப்புகள் வந்திருக்கின்றன. புரட்டினால் பெரும்பாலும் உற்பத்தியாளர்களின் விற்பனைப் புத்தகங்கள்தான். கையெழுத்துப் போடச் சொல்லி மேலாளர் நெருக்குகிறார். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கோவை மின்வாசகன்:
உயரழுத்த இணைப்பா, தாழ்வழுத்தமா? டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை? ஜெனரேட்டர் தானாக மாறுமா, கையால் மாற்ற வேண்டுமா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

மாடிவீடு:
மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் போதும். எங்கள் குடியிருப்பில் அதை வைத்துத்தான் பொறுப்பேற்றோம்.

பழைய மெக்கர்:
சான்றிதழ் மின்சாரம் ஏற்றுவதற்கான அனுமதி. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் எந்த பிரேக்கரை முதலில் திறப்பது என்று அது சொல்லாது. இந்த வேறுபாட்டைக்கூடப் படிக்காமல் பதில் எழுத வருகிறார்கள். கேட்டவரும் அப்படித்தான். கட்டட விவரம் ஒரு வரிகூட இல்லை.

ஷிப்ட் பொறுப்பாளர்:
மன்னிக்கவும். 11 கே.வி. இணைப்பு, 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஜெனரேட்டர் இரண்டு. பிரதான பிரேக்கர் 1600 ஆம்பியர். சோதனை ஓட்டத்தில் லிஃப்ட் பானலுக்குப் போகும் கேபிளில் பழுது வந்தது. அதன் 250 ஆம்பியர் பிரேக்கரோடு பிரதான பிரேக்கரும் டிரிப் ஆகி, கட்டடம் முழுவதும் இருண்டுவிட்டது. "இப்போது சரி" என்கிறார்கள்.

பழைய மெக்கர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கோப்பில் இல்லாத பக்கம் எது என்று இப்போது தெரிகிறது. பிரேக்கர்களின் அமைவுப் பட்டியல்.

1000 கே.வி.ஏ. என்றால் 433 வோல்ட்டில் முழுச் சுமை ஏறக்குறைய 1333 ஆம்பியர். பிரதான பிரேக்கரின் நீண்டநேர அமைவு 0.85-இல் இருந்தால் 1360 ஆம்பியர், பொருத்தமாக இருக்கும். ஆனால் அதன் உடனடி டிரிப் தொழிற்சாலையில் வைத்த குறைந்த அளவான 2 மடங்கிலேயே விடப்பட்டிருந்தால் 3200 ஆம்பியரில் தாமதமின்றித் திறந்துவிடும். கேபிளில் சில ஆயிரம் ஆம்பியர் பாயும் பழுது வந்தால் கீழிருக்கும் 250 ஆம்பியர் பிரேக்கரும் மேலிருக்கும் பிரதானமும் ஒரே கணத்தில் திறந்துவிடும். கீழே இருப்பது முதலில் திறக்க வேண்டுமானால் மேலே 0.2 அல்லது 0.3 நொடி தாமதம் வேண்டும். அதை நீங்களாகத் திருகாதீர்கள். ஆலோசகரின் ஒருங்கிணைப்புக் கணக்கைக் கேளுங்கள். ஒவ்வொரு பிரேக்கருக்கும் இறுதியாக வைத்த அமைவு தேதியுடனும் கையெழுத்துடனும் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். கதவைத் திறந்து குமிழ்களின் நிலையை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கோவை மின்வாசகன்:
என் ஊகம் வேறு. கேபிள் பழுது பெரும்பாலும் நிலக்கசிவாகத்தான் தொடங்கும். பிரதானத்தின் நிலக்கசிவு அமைவு 0.2-இல் இருந்தால் 320 ஆம்பியரே போதும். டிரிப் ஆனபோது பிரேக்கரின் முகப்பில் எந்த விளக்கு எரிந்தது?

மேட்டூர் தம்பி:
அமைவு சரி, அதைவிட முக்கியம் பெயர்கள். எங்கள் இடத்தில் ஒற்றைக்கோட்டு வரைபடத்தில் "எம்.டி.பி. 2" என்று இருந்தது, பானல் கதவில் "பி பிரிவு மெயின்" என்று ஒட்டியிருந்தது. பூட்டுப் போட்டு வேலை செய்யப் போனவர் வேறு பானலைப் பூட்டிவிட்டார். நல்லவேளை, சோதனை விளக்கு வைத்துப் பார்த்தார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பானல் பானலாக நடந்து பாருங்கள்.

மாடிவீடு:
எர்த் பிட் ஒவ்வொன்றும் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதையும் எழுதி வாங்குங்கள்.

பழைய மெக்கர்:
ஒவ்வொன்றும் என்று யார் சொன்னது? இணைப்பைக் கழற்றித் தனியாக அளந்தால் ஒரு குழி அதைவிட அதிகமாகவே காட்டலாம். எல்லாம் சேர்ந்த கட்டமைப்பின் அளவைத்தான் வடிவமைப்போடு ஒப்பிட வேண்டும்.

மாடிவீடு:
எங்களிடம் வந்த பொறியாளர் குழிக்குக் குழி 1 ஓம் என்றுதான் கேட்டார்.

மேட்டூர் தம்பி:
எண்ணைவிட, எப்போது அளந்தார்கள் என்பதைப் பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்த அளவு கோடையில் நிற்காது. கேபிளின் காப்புத் தடையைச் சொல்லும் மெக்கர் அளவும் அப்படியே. "தேறியது" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். 415 வோல்ட் கேபிளுக்கு 1 மெகா ஓம் இருந்தாலே தேறிவிடும். ஒப்படைக்கும்போது 200 இருந்தது, அடுத்த ஆண்டு 5 என்றால் கேபிளில் ஈரம் ஏறுகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். முதல் எண் இல்லாவிட்டால் அது எப்படித் தெரியும்?

கோவை மின்வாசகன்:
விளக்கு பற்றிக் கேட்டேனே?

ஷிப்ட் பொறுப்பாளர்:
விளக்கை யாரும் குறித்து வைக்கவில்லை, அழித்து மீண்டும் போட்டுவிட்டார்கள். கதவைத் திறந்து பார்த்தோம், உடனடி டிரிப் 2-இல்தான் இருக்கிறது. நிலக்கசிவு 0.2, தாமதம் 0.1. அமைவுப் பட்டியலும் கேபிள் அளவுகளும் வரும்வரை கையெழுத்து இல்லை என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெனரேட்டர் மாற்றும் வரிசைமுறைப் பக்கம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பழைய மெக்கர்:
இரண்டு ஜெனரேட்டரும் இணைந்து ஓடுமா, தனித்தனியா? இடைப்பூட்டுச் சாவி எத்தனை, எங்கே தொங்குகிறது?