உதவி: ரிசப்ஷன் பாட்டுப் பட்டியலில் ஆளாளுக்குக் கை வைக்கிறாங்க, சேர்க்க மட்டும் அனுமதி கொடுக்க முடியுமா?

காட்பாடி அக்கா
தம்பி கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலூரில் ரிசப்ஷன். ஸ்பாட்டிஃபையில் ஒரு பிளேலிஸ்ட் போட்டு, Invite collaborators கொடுத்து வந்த லிங்க்கை ரெண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன். இப்போ 112 பாட்டு இருக்கு. சேர்த்தவங்க 11 பேர். அதுல பெரியப்பா பையன் ஒருத்தனே 31 பாட்டு. பொண்ணு வீட்டு அத்தை சேர்த்த பழைய பாட்டுல ரெண்டைக் காணோம். யாரோ தன் பாட்டையெல்லாம் இழுத்து மேல வச்சிருக்காங்க.

அத்தை நேரா எதுவும் சொல்லல, "எங்க பாட்டெல்லாம் உங்களுக்குப் பிடிக்காதும்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. சம்பந்தி வீடு, மனசு சங்கடப்படக் கூடாது. சேர்க்கலாம், ஆனா அழிக்கவோ நகர்த்தவோ கூடாதுன்னு வைக்க வழி இருக்கா? வரிசையை எப்படி நியாயமா போடுறது?

ராணிப்பேட்டை ஆபீஸ்
எங்க கம்பெனி ஆண்டு விழாவுலயும் இதே கதைதான். நாங்க "யார் முதல்ல சேர்த்தாங்களோ அவங்க பாட்டு முதல்ல"ன்னு வச்சோம். சேர்த்த தேதிப்படி வரிசைப்படுத்திட்டா சண்டையே இல்ல. அழிஞ்ச பாட்டுக்கும் கவலைப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல உங்க அக்கவுண்ட் பக்கத்துக்குப் போனா Recover playlists இருக்கு, திரும்ப எடுத்துக்கலாம்.

பழைய மைக்செட்
குடியாத்தம் பக்கம் நிறைய கல்யாணத்துக்கு மைக்செட் போட்டவன் நான். தாலி கட்டுற நேரத்துல கெட்டி மேளம்தான் கேட்கணும், ரெக்கார்டு பாட்டை அஞ்சு நிமிஷம் முன்னாடியே நிறுத்திடுங்க. அப்புறம் எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டு சவுண்ட்காரர் கையில கொடுத்துடுங்க, எவனும் தொட மாட்டான்.

காட்பாடி அக்கா
ஐயா, இது முந்தின நாள் ரிசப்ஷனுக்கு. மேளம் காலையிலதான். ஆனா பென் டிரைவ் யோசனை நல்லா இருக்கே, அப்படி எடுக்க முடியுமா?

சத்துவாச்சாரி
முடியாதுங்க. ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் பண்ற பாட்டு அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் பாடும், பென் டிரைவுக்கு வராது. சவுண்ட்காரர்கிட்ட ஒரு போனும் ஒயரும்தான் போகணும்.

உங்க முதல் கேள்விக்கு வர்றேன். சேர்க்க மட்டும் அனுமதிங்கிறது ஸ்பாட்டிஃபையில் கிடையாது. ஒருத்தரை உள்ளே விட்டுட்டா அவர் சேர்க்கலாம், யார் பாட்டையும் அழிக்கலாம், இழுத்து நகர்த்தலாம். Recover playlists பத்தி ராணிப்பேட்டை நண்பர் சொன்னது பாதி சரி. முழு பிளேலிஸ்ட்டையே அழிச்சிருந்தா அங்க கிடைக்கும். உள்ளே இருந்து எடுத்த ஒரு பாட்டு அங்க வராது. அத்தைகிட்டயே கேட்டுச் சேர்க்கிறதுதான் வழி. கேட்கிறதே அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்.

அதனால சேகரிக்கிற இடம் வேற, ஓடுற பட்டியல் வேறன்னு பிரிச்சிடுங்க. ஓடுற பட்டியல் உங்க ஒருத்தர் கையில மட்டும். ஆனா அவசரப்பட்டு இப்பவே புதுப் பட்டியலுக்குக் காப்பி பண்ணாதீங்க. காப்பி பண்ணினா எல்லாப் பாட்டும் நீங்களே சேர்த்த மாதிரி ஆயிடும், எது யாருதுன்னு போயிடும். முதல்ல கம்ப்யூட்டர்ல திறந்து, யார் சேர்த்தாங்கன்னு காட்டுற Added by பத்தியைப் பார்த்து ஒரு கூகுள் ஷீட்ல ஏத்துங்க. A-வில் சேர்த்த நேரம், B-யில் பேர், C-யில் பாட்டு. இனிமே வர்றதுக்கு ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு பாட்டுக்கு ஒரு பதில். பேரைத் தட்டச்சு பண்ண விடாதீங்க, பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்க வைங்க. ஒரு தடவை "சித்தி", இன்னொரு தடவை "உமா சித்தி"ன்னு போட்டா ஷீட் ரெண்டு ஆளாக் கணக்குப் பண்ணும்.

காட்பாடி அக்கா
சரிங்க. வரிசை? சேர்த்த தேதிப்படி போட்டுடலாமா?

சத்துவாச்சாரி
அதுதான் இங்க கூடாது. உங்க ரிசப்ஷன்ல பாட்டு எவ்வளவு நேரம் ஓடும்?

காட்பாடி அக்கா
ரெண்டு மணி நேரம். அப்புறம் லைட் மியூசிக்.

சத்துவாச்சாரி
ஒரு பாட்டு சராசரி நாலரை நிமிஷம்னு வச்சா 120 நிமிஷத்துக்கு 26 பாட்டு. 112-ம் ஓடணும்னா எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்போ வரிசையில முதல் 26-க்குள்ள இல்லாத பாட்டு பட்டியல்ல இருந்தும் இல்லாத மாதிரிதான். தேதிப்படி போட்டா, லிங்க் வந்த ராத்திரியே உட்கார்ந்து 31 பாட்டு போட்ட பையன் அந்த 26-ஐயும் நிரப்பிடுவான். பேரனைக் கேட்டு ரெண்டு நாள் கழிச்சுச் சேர்த்த அத்தை வெளியே நிப்பாங்க.

பந்தியில பரிமாறுற மாதிரி, எல்லா இலைக்கும் ஒரு கரண்டி போன பிறகுதான் ரெண்டாவது கரண்டி. ஷீட்டை நேரப்படி வரிசைப்படுத்திட்டு D2-ல இதைப் போட்டுக் கடைசி வரைக்கும் இழுங்க:

```
=COUNTIF($B$2:B2,B2)
```

ஒவ்வொருத்தரோட முதல் பாட்டுக்கு 1, ரெண்டாவதுக்கு 2ன்னு வரும். அந்த D பத்தியைக் காப்பி பண்ணி, அதே இடத்துல Ctrl+Shift+V போட்டு வெறும் எண்ணா ஒட்டிட்டு, D-யை வச்சு வரிசைப்படுத்துங்க. முதல் சுத்துல 11 பேருக்கும் ஒண்ணு, ரெண்டாவது சுத்துல இன்னொண்ணு, 22 ஆச்சு. மிச்சம் 4 இடம். 31 போட்டவனுக்கும் ரெண்டு, கொஞ்சமே போட்ட அத்தைக்கும் ரெண்டு. ஒரே பாட்டை ரெண்டு பேர் கேட்டிருந்தா, சூத்திரம் போடுறதுக்கு முன்னாலேயே முதல்ல கேட்டவர் பேர்ல மட்டும் வச்சுட்டு மத்தவர் வரிசையை எடுத்துடுங்க, அவருக்கு அடுத்த பாட்டு மேலே வரட்டும்.

இதை ஃபார்ம் பதில் வந்து விழுற பக்கத்துலயே பண்ணாதீங்க. புதுப் பதில் வந்தா அந்த வரிசைக்குச் சூத்திரம் வராது. ஃபார்மை மூடிட்டு, எல்லாத்தையும் வேற பக்கத்துக்குக் காப்பி பண்ணிப் பண்ணுங்க. "எது கட்டாயம் வேணுமோ அதை முதல்ல போடுங்க"ன்னு எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

மாப்பிள்ளைத் தோழன்
இவ்வளவு எதுக்கு? ஸ்பாட்டிஃபையிலயே ஜாம் போட்டா எல்லாரும் அவங்கவங்க போன்ல இருந்தே அங்கேயே சேர்த்துக்கலாமே.

சத்துவாச்சாரி
நாலு பேர் கார்ல ஆரணி போறப்போ ஜாம் சரி. ஆரம்பிக்கிறவர்கிட்ட பிரீமியம் இருக்கணும். மண்டபத்துல நெட்டும் நிக்கணும். 300 பேர் போன் வச்சிருக்கிற ஹாலுக்குள்ள அதை நம்பி இறங்காதீங்க. பிரீமியம் இருந்தா முடிவான பட்டியலை வீட்டு வைஃபையில டவுன்லோட் பண்ணுங்க, எல்லாப் பாட்டுக்கும் பச்சை அம்புக்குறி வந்துடுச்சான்னு கீழ வரைக்கும் தள்ளிப் பாருங்க. அப்புறம் ஏரோபிளேன் மோடுல போட்டு ரெண்டு பாட்டு ஓட்டிப் பார்த்துடுங்க. ஷஃபிள் அணைஞ்சிருக்கணும், இல்லாட்டி இவ்வளவு வரிசையும் வீண்.

பழைய மைக்செட்
ஏரோபிளேன் மோடு மண்டபத்துலயும் இருக்கட்டும்மா. பாட்டு நடுவுல போன் வந்தா ஹால் முழுக்க ரிங்டோன் அலறும், பாத்திருக்கேன்.

காட்பாடி அக்கா
ஷீட்ல ஏத்திப் பார்த்தேன், அத்தை பாட்டு ரெண்டும் முதல் 22-ல வந்துடுச்சு! ஆனா ஒரு சிக்கல். சுத்துப்படி போட்டா ஒரு மெலடி, உடனே குத்துப் பாட்டு, மறுபடியும் மெலடின்னு வருது.

சத்துவாச்சாரி
ஷீட்ல இன்னொரு பத்தி வச்சு "வரவேற்பு", "ஆட்டம்"னு ரெண்டாப் பிரிங்க. முதல் 26-ஐ எடுத்த பிறகு, அதுக்குள்ள மட்டும் மெதுவானதை முன்னாடியும் வேகமானதைப் பின்னாடியும் நகர்த்துங்க. யாரோட இடமும் பறிபோகாது, நேரம்தான் மாறும்.

ராணிப்பேட்டை ஆபீஸ்
அந்த மிச்ச 4 இடம்? சீட்டுக் குலுக்கிப் போடுறதா?

மாப்பிள்ளைத் தோழன்
பொண்ணு மாப்பிள்ளைக்குத்தான். அவங்க கல்யாணம்.

காட்பாடி அக்கா
எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா தம்பியும் அந்த 11 பேர்ல ஒருத்தன், அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு. பொண்ணு இதுவரைக்கும் ஒரு பாட்டுகூடச் சேர்க்கல. நாலையும் அவளுக்கே விடலாமான்னு ராத்திரி அவகிட்டயே கேட்கிறேன்.