டீக்கடை டீயின் கலோரியைக் கணக்கிட உதவி தேவை

வீட்டு டீயின் கணக்கு சரியாக வருகிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6% கொழுப்பு, அதனால் 100 மி.லி.க்குச் சுமார் 88 கலோரி. தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. 100 மி.லி. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் 128. நாளுக்கு நான்கு முறை என்றால் 512. நீலப் பாக்கெட்டுக்கு (3% கொழுப்பு) மாறினால் ஏறக்குறைய 400தான்.

இதில் பலர் தவறுவது ஸ்பூனில். குவித்து அள்ளினால் 7 கிராம் வரை ஏறும். சர்க்கரை டப்பாவைக் காலையிலும் இரவிலும் எடை போட்டு, வித்தியாசத்தைக் குடித்த டம்ளர்களால் வகுப்பதுதான் நம்பகமான வழி. பாலைக் காய்ச்சுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், கொழுப்பும் பால் சர்க்கரையும் அப்படியே இருக்கும்.

கடையில் இந்த அளவு எதுவும் கைக்கு வராது. பால் மணிக்கணக்கில் சுண்டிக்கொண்டே இருக்கும், மாஸ்டரின் ஸ்பூனும் பெரியது. கடை நடத்துபவர்களோ மாஸ்டர்களோ இங்கே இருந்தால் சொல்லுங்கள்: ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு தண்ணீர் கலக்கிறீர்கள், அதில் எத்தனை கிளாஸ் டீ வரும், ஒரு கிலோ சர்க்கரை எத்தனை கிளாஸுக்கு வரும்? இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மீதியை வகுத்துக்கொள்ளலாம்.