ஐயாயிரம் கட்டினால் கணக்கு தீர்ந்துவிடுமா? தாமத ரிட்டர்ன் சண்டை

சேலம் செந்தில்
“கடைசித் தேதி போய்விட்டதே என்று மாதச் சம்பளக்காரர்கள் பதற வேண்டாம். ஐயாயிரம் அபராதம் கட்டிவிட்டு டிசம்பர் 31 வரை நிதானமாக ரிட்டர்ன் போடலாம். வேறு நஷ்டம் எதுவும் இல்லை.” வருமான வரி வீடியோ ஒன்றில் இப்படித் தெளிவாகச் சொல்கிறார்கள். ஃபார்ம் 16, 26AS, AIS எதை எங்கே பார்ப்பது என்பதெல்லாம் அருமையாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 16-ஐ விட்டுவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பவர்கள் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
வேறு நஷ்டம் இல்லையாம். செந்தில் சார், நீங்கள் முழுசாகப் பார்த்தீர்களா, இல்லை தலைப்பைப் பார்த்துவிட்டுப் பகிர்ந்தீர்களா? கெடு தாண்டிப் போடும் ரிட்டர்னில் பழைய வரிமுறையைத் தேர்வு செய்யவே முடியாது. புதிய முறைதான். வீட்டு வாடகைப் படி, 80C சேமிப்புக் கழிவு, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் ஒரே அடியில் போச்சு. அந்த ஐயாயிரம் வெறும் நுழைவுச்சீட்டு.

சேலம் செந்தில்
வந்துவிட்டார். போன வருடம் தங்கப் பத்திர விஷயத்திலும் இதே தொனிதான். சார், வீடியோவின் அடியிலேயே “விதிகள் ஆண்டுதோறும் மாறும், சரிபார்த்துக்கொள்ளவும்” என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தீர்களா?

கணக்குப்பிள்ளை
தங்கப் பத்திரத்தை விடுங்கள், அதிலும் நான்தான் சரி. கெடு தாண்டினால் புதிய முறைதான் என்பது நேற்று மாறிய விதி இல்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் தானாக வருவது. பழையது வேண்டுமென்றால் கெடுவுக்குள் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். “விதி மாறும்” என்று அடியில் எழுதிவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?

மதுரைக்காரன்
இரண்டு பேரும் எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்? 12 லட்சம் வரை வரியே கிடையாது என்று பட்ஜெட்டில் சொல்லிவிட்டார்களே. பழையதாவது, புதியதாவது.

கணக்குப்பிள்ளை
தம்பி, அது 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கும் சம்பளத்துக்கு. இப்போது போடுவது 2025 மார்ச்சோடு முடிந்த வருடத்துக்கு. அந்த வருடத்தில் புதிய முறையில் முழுத் தள்ளுபடி 7 லட்சம் வரைதான். உங்களைப் போல நினைத்துக்கொண்டு ரிட்டர்னே போடாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ.

மதுரைக்காரன்
சரி, சரி. நான் வேடிக்கை பார்க்க வந்தவன்.

சேலம் செந்தில்
பழைய முறை போய்விடும் என்று பயமுறுத்துகிறீர்களே, 10-IEA என்று ஒரு படிவம் இருக்கிறதே. அதைப் போட்டால் பழைய முறை கிடைக்கும். என் நண்பர் போட்டார், கிடைத்தது. ஆதாரம் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை
நண்பருக்குச் சம்பளம் மட்டுமா, சொந்தத் தொழிலும் உண்டா?

சேலம் செந்தில்
கன்சல்டன்சியும் செய்கிறார். அதனால் என்ன?

கணக்குப்பிள்ளை
அதனால்தான் அவருக்கு 10-IEA. தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான படிவம் அது. வெறும் சம்பளக்காரருக்குத் தேவையே இல்லை. சம்பளக்காரர் போடும் ITR-1 படிவத்துக்கு உள்ளேயே எந்த முறை என்ற கேள்வி இருக்கிறது, வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம். ஆபீஸில் ஏப்ரலில் எந்த முறை என்று எழுதிக் கொடுத்தோம் என்பதுகூடக் கட்டுப்படுத்தாது. இன்னொன்று, அந்த 10-IEA-யையும் ரிட்டர்னின் கெடுவுக்குள்தான் போட வேண்டும். தேதி தாண்டிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன பிரயோஜனம்?

சேலம் செந்தில்
படிவம் இருக்கிறது என்றேன். இல்லை என்று சொன்னீர்கள். இப்போது இருக்கிறது என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை
இல்லை என்று எங்கே சொன்னேன்? அந்த வரியை எடுத்துப் போடுங்கள். போடுங்கள் பார்க்கலாம்.

ரெட்டேரி ராணி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இந்தத் தேதிப் பஞ்சாயத்துதான், ஆனால் வேறு மாதிரி. போன வருடம் ஜூலை 29-க்கே மச்சான் எனக்கு ரிட்டர்ன் போட்டுவிட்டார். பழைய முறையில்தான். பச்சை டிக் வந்தது, வேலை முடிந்தது என்றார். செப்டம்பரில் ஈ-வெரிஃபை ஆகவில்லை என்று தெரிந்து, ஓடிப்பிடித்து ஓடிபி வாங்கி முடித்தோம். அப்புறம் பாக்கி கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது. பழைய முறையை ஏற்காமல் புதிய முறையில் போட்டிருந்தார்கள். நான் கெடுவுக்குள்தானே போட்டேன்?

கணக்குப்பிள்ளை
அம்மா, உங்கள் கதையைத்தான் அந்த வீடியோக்காரருக்கு அனுப்ப வேண்டும். ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் வெரிஃபை செய்தால், போட்ட நாள்தான் கணக்கு. 30 நாளைத் தாண்டிவிட்டால் வெரிஃபை செய்த நாளையே ரிட்டர்ன் போட்ட நாளாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது செப்டம்பர். போன வருடக் கெடு ஜூலை 31. ஆக, தாமத ரிட்டர்ன், பழைய முறை கிடையாது, தாமதக் கட்டணம் வேறு. போர்ட்டலில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்க இடம் இருக்கிறது. காரணம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

ரெட்டேரி ராணி
மச்சானிடம் இதைச் சொன்னால் என்மேலேயே கோபப்படுவார். எதற்கும் அந்தக் கோரிக்கையைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஓய்வில்லா ஊழியன்
எனக்கு இன்னும் ரீஃபண்ட் வரவில்லை. ஆகஸ்டிலேயே போட்டேன். இதற்கும் பழைய முறைக்கும் சம்பந்தம் உண்டா?

கணக்குப்பிள்ளை
இல்லை. வங்கிக் கணக்கு போர்ட்டலில் வேலிடேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு இழை தொடங்குங்கள் ஐயா.

சேலம் செந்தில்
ராணி அக்கா விஷயம் வெரிஃபிகேஷன் பிரச்சினை. வீடியோவில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஐயாயிரம் என்பது தவறா, சரியா?

கணக்குப்பிள்ளை
ஐயாயிரம் சரி. “வேறு நஷ்டம் இல்லை” என்பது தவறு. எத்தனை முறை சொல்வது? கணக்கே போட்டுக் காட்டுகிறேன், சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

சென்னையில் வேலை, வருடச் சம்பளம் 12,00,000. சொந்த ஊரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு, அதில் அப்பா அம்மா. இவர் இங்கே வாடகையில். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வாடகைப் படி விலக்கு 2,10,000, 80C 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000. எல்லாம் கழித்தால் 5,90,000. வரி 30,500, செஸ் சேர்த்து 31,720. ஆபீஸில் அதை மாதாமாதம் பிடித்துக் கட்டியாயிற்று. கெடுவுக்குள் போட்டிருந்தால் பாக்கி பூஜ்யம்.

அதே ஆள் நவம்பரில் போடுகிறார். புதிய முறை. நிலையான கழிவு 75,000 மட்டும் போக 11,25,000. வரி 68,750, செஸ் சேர்த்து 71,500. ஏற்கெனவே கட்டியது போக இன்னும் 39,780 கட்ட வேண்டும். அதன்மேல் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி. முன்வரி கட்டாததற்கும் வட்டி வரும், ஏனென்றால் பாக்கி பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதெல்லாம் போகத்தான் உங்கள் ஐயாயிரம். 40,000 ரூபாயை “வேறு நஷ்டம் இல்லை” என்று சொல்கிற வீடியோவை அருமை என்கிறீர்கள்.

மதுரைக்காரன்
அண்ணே, ஊரில் வீடு, சென்னையில் வாடகை. அந்த வாடகை யாருக்கு? மாமனாருக்கா? ரசீது புத்தகம் எங்கே வாங்கினார்?

சேலம் செந்தில்
சரியான கேள்வி. இப்படிப் போலி ரசீது வைத்து வரி குறைப்பவர்களுக்குத்தான் பழைய முறை இனிக்கிறது. நேர்மையானவர்களுக்குப் புதியது போதும்.

கணக்குப்பிள்ளை
ஓ, இப்போது நேர்மைப் பாடமா? வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணை ஆபீஸில் கொடுக்க வேண்டும். 2025-இல் வந்த ITR-1-இல் பழைய முறை என்றால் வாடகைக் கணக்கு, இன்சூரன்ஸ் பாலிசி எண், கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. 40 வருடம் பேரேடு எழுதினேன், போலி ரசீது ஒன்றைத் தொட்டதில்லை. என்னைப் பார்த்து அந்த வார்த்தையா?

சேலம் செந்தில்
உங்களைச் சொல்லவில்லை. தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆவடி அருண்
நான் கெடுவுக்குள்தான் போட்டேன், செப்டம்பர் 10. ஆனால் பழைய முறை என்று நினைத்துப் போட்டது புதியதாகப் போய்விட்டது. படிவத்தில் “Opting out of new tax regime” என்று கேட்கிறது. பழைய முறைதானே வேண்டும், புதியதை எதற்கு ‘ஆப்ட்’ செய்ய வேண்டும் என்று No போட்டுவிட்டேன். இப்போது திருத்த ரிட்டர்ன் போட்டு மாற்றலாமா?

கணக்குப்பிள்ளை
அந்தக் கேள்வியே வில்லங்கம். புதியதிலிருந்து வெளியே போகிறீர்களா என்று கேட்கிறார்கள். Yes என்றால்தான் பழையது. எதையும் தொடாமல் விட்டால் No. கெடுவுக்குள்ளேயே திருத்தியிருந்தால் பிரச்சினையே இல்லை. இப்போது திருத்துவது எனக்கு உடன்பாடில்லை. பழைய முறை வேண்டும் என்பதைக் கெடுவுக்குள் போடும் ரிட்டர்னோடு சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம்.

திருச்சி ஆடிட்டிங்
அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். முதல் ரிட்டர்ன் கெடுவுக்குள் போட்டது. திருத்த ரிட்டர்ன் அதன் இடத்தில்தான் நிற்கிறது. மாற்றலாம் என்று வாதாட இடம் உண்டு.

கணக்குப்பிள்ளை
வாதாட இடம் உண்டு என்றால் அருண் தம்பி வழக்கு நடத்தவா போகிறார்? நோட்டீஸ் வந்தால் நீங்கள் போய் நிற்பீர்களா?

திருச்சி ஆடிட்டிங்
ஃபீஸ் கொடுத்தால் நிற்பேன்.

மதுரைக்காரன்
இதுதான் இன்றைக்கு இங்கே வந்த முதல் நேர்மையான பதில்.

ஆவடி அருண்
அப்படியானால் மாற்றலாமா, கூடாதா?

சேலம் செந்தில்
அருணுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் வீடியோக்காரரைத் திட்ட மட்டும் முடிகிறது. அவரும் விதிகள் மாறும் என்று எச்சரித்துத்தானே விட்டிருக்கிறார்?

கணக்குப்பிள்ளை
எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரித்துச் சொன்னால் அது எச்சரிக்கை. 2025-இல் கெடு ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குப் போனது, கடைசி நேரத்தில் 16 ஆனது. அதற்கு அந்தக் குறிப்பு பொருந்தும். தாமதமானால் பழைய முறை போச்சு என்பது மாறவில்லை. மாறாததைச் சொல்லாமல் விட்டுவிட்டு மாறும் என்று எழுதி வைப்பது தப்பித்துக்கொள்ளும் வழி.

சேலம் செந்தில்
செப்டம்பர் 15 என்று நீங்களே போன மாதம் எழுதினீர்கள். 16 என்பதை நான்தான் முதலில் இங்கே போட்டேன். அதற்கு ஒரு நன்றிகூட இல்லை.

கணக்குப்பிள்ளை
நான் எழுதியபோது 15-தான். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றினால் நான் தூங்காமல் காத்திருக்க வேண்டுமா?

சேலம் செந்தில்
விதிகள் மாறும் என்று வீடியோக்காரர் சொன்னதும் அதுதான் சார்.

கணக்குப்பிள்ளை
தேதியும் விதியும் ஒன்றா? நான் இல்லை என்று சொன்னதாகச் சொன்ன அந்த 10-IEA வரியை இன்னும் எடுத்துப் போடவில்லை நீங்கள். காத்திருக்கிறேன்.