எக்ஸிட் லோடுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மீனாட்சி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிறுதோறும் பணி ஓய்வு பெற்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கு மியூச்சுவல் ஃபண்டு கணக்கு அறிக்கையைப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அதற்கு இரண்டு பக்கக் கையேடு போடுகிறோம். யூனிட்டுக்கு 'அலகு' என்றேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. என்.ஏ.வி.க்கு 'நிகரச் சொத்து மதிப்பு', பத்திரிகைகளில் வருவதுதான். குறித்த காலத்துக்குள் விற்றால் பிடித்துக்கொள்ளும் எக்ஸிட் லோடில் வந்து வண்டி நின்றுவிட்டது. 'வெளியேற்றுச் சுமை' என்று பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "யாரை வெளியேற்றுகிறார்கள் அம்மா?" என்று கேட்டுவிட்டார்.

இளவழகன்:
பெரியவர் கேட்டது சரியான இலக்கணக் கேள்வி. வெளியேறு தன்வினை, வெளியேற்று பிறவினை. நீங்கள் எழுதியபடி பார்த்தால் யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கான சுமை அது. 'வெளியேறு கட்டணம்' என்று வினைத்தொகையாக வையுங்கள். நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வலி மிகாது.

ஆனால் என் விருப்பம் இதுவல்ல. 'உல்கு' என்று அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. குறள் 756இல் 'உல்குபொருள்' வருகிறது, பட்டினப்பாலையிலும் உண்டு. வாசலைக் கடக்கும் பொருளுக்கு வாங்கும் சுங்கம்தான் உல்கு. பணம் திட்டத்தின் வாசலைக் கடக்கும்போது வாங்குவதற்கும் அதுவே பொருந்தும். 'விலகுல்கு' என்று சொல்லிப் பாருங்கள், நாவில் உருள்கிறது.

கபீர்:
ஐயா, உருளவில்லை, சிக்குகிறது. லோடு இல்லாத திட்டத்துக்குக் குலோத்துங்கன் பெயரில் 'சுங்கம் தவிர்த்த திட்டம்' என்று வைக்கலாமா? இவ்வளவு மெனக்கெட வேண்டாம் அக்கா. மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. ஆரம்பித்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் இந்தப் பிடித்தமே கிடையாது. அதற்குள் எடுத்தால் வந்த லாபத்தில் ஒரு சதவீதம் போகும், அவ்வளவுதான். 'எக்ஸிட் லோடு' என்றே போட்டுவிடுங்கள்.

சாந்தா:
கபீர் தம்பி சொல்வதைத்தான் நானும் நம்பியிருந்தேன். பெயர் வைப்பதற்கு முன்னால் என் கணக்கை யாராவது பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 5,000 ரூபாய், 10ஆம் தேதி. மொத்தம் 15 தவணை. 2024 மார்ச் 20 அன்று எல்லாவற்றையும் விற்றேன். அலகு 1,400, அன்றைய என்.ஏ.வி. 60 ரூபாய் (தசமங்களை விட்டுவிட்டேன்). 84,000 வர வேண்டும். வந்தது 83,340, அதிலும் ஒரு ரூபாய்க்குள் ஏதோ குறைவு. ஆரம்பித்து 14 மாதம் ஆகிவிட்டதே என்று முகவரிடம் சண்டை போட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, ஒவ்வொரு தவணைக்கும் எதிரே 4,999.75 என்று இருக்கிறது. அந்த 25 காசு எங்கே போனது?

ராகவன்:
ஃபண்டு கணக்குகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாந்தா அம்மா, முகவர் பாவம், அவர் எடுக்கவில்லை. கபீர் சொன்னதில் 'ஒரு வருடம்', 'ஒரு சதவீதம்' இரண்டும் உங்கள் திட்டத்துக்குச் சரி. மற்றது சரியில்லை. வருடத்தை எஸ்.ஐ.பி. தொடங்கிய நாளிலிருந்து எண்ணக்கூடாது. ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கடிகாரம் ஓடுகிறது.

உங்கள் அறிக்கையில் முதல் மூன்று வரியைப் பாருங்கள். 2023 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகள் மட்டுமே விற்ற நாளில் வருடம் தாண்டியவை. 15,000 ரூபாய்க்கு அப்போது 300 அலகு வந்திருக்கும், சரிதானே? மீதி 1,100 அலகு ஏப்ரலிலிருந்து வந்தது. 1,100ஐ 60ஆல் பெருக்கினால் 66,000. அதில் ஒரு சதவீதம் 660. 84,000க்கும் 83,340க்கும் உள்ள இடைவெளி அதுதான். லாபத்தில் பிடித்தால் இவ்வளவு வராது. மொத்த லாபமே 9,000 தான், அதில் ஒரு சதவீதம் 90 ரூபாய். ஆக, பிடிப்பது விற்ற மதிப்பில். நட்டத்தில் விற்றாலும் பிடிப்பார்கள்.

அன்று 300 அலகு மட்டும் எடுத்திருந்தால் எக்ஸிட் லோடாக ஒரு பைசா போயிருக்காது. முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு. அந்த ஒரு ரூபாய்க்குள் குறைந்தது பங்குப் பரிவர்த்தனை வரி. 25 காசு முத்திரைத் தீர்வை. 2020 ஜூலை 1 முதல் வாங்கும்போது 0.005 சதவீதம் போகிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'கட்டணம்' என்றால் யாருக்கோ கட்டுகிறோம் என்று தோன்றும். 2012 அக்டோபரிலிருந்து இந்தப் பணம் திட்டத்துக்கே திரும்பிப் போகிறது, இருக்கிறவர்களின் என்.ஏ.வி.யில் சேர்கிறது. 'வெளியேறு' என்றாலும் சரியில்லை, வெளியேறும் எல்லோருக்கும் இது இல்லை, சீக்கிரம் போகிறவருக்குத்தான். அதனால் 'முன்விலகல் பிடித்தம்'. பிடித்தம் என்பது சம்பளச் சீட்டு பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சொல்.

கபீர்:
கணக்கில் தோற்றேன். ஆனால் 'வெளியேறு கட்டணம்' என்றால் கட்டணம்தான் வெளியேறுகிறது என்று அர்த்தம் வராதா? ராகவன் சார் சொல்வதைப் பார்த்தால் அது வெளியேறவே இல்லை, உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது!

இளவழகன்:
உண்கலம் என்றால் கலமா உண்கிறது? வினைத்தொகையில் எல்லா உறவும் அடங்கும் தம்பி. 'முன்விலகல்' மட்டும் என்ன? முன் என்பது காலமா இடமா? முன்வாசல் வழியாக விலகுவது என்று படிப்பவர் உண்டு. உல்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: 'அலகு' என்று எழுதினீர்களே, அதற்குப் பறவையின் மூக்கு என்றும் பொருள் உண்டு. அதை ஏற்றவர்கள் உல்குக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மீனாட்சி:
ஐயா, அலகு பள்ளிக்கூட அறிவியல் பாடத்திலேயே பழகிவிட்டது. உல்கை நான் சொன்னால் அந்த ஞாயிறு முழுக்கப் பட்டினப்பாலை நடத்த வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கும்தான், ஆனால் அவர்கள் வந்தது பணத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள.

இதுவரை 'வெளியேறு கட்டண'த்துக்கு இருவர் தனி மடலில் ஆதரவு, 'முன்விலகல் பிடித்த'த்துக்கு நால்வர். அறிக்கையில் அச்சாகி இருப்பது எக்ஸிட் லோடு என்பதால் அதையே தலைப்பாக வைத்து, கீழே 'முன்விலகல் பிடித்தம்' என்று போடுகிறேன். சாந்தா அக்காவின் கணக்கைப் பெயரில்லாமல் உதாரணமாகப் போட்டுக்கொள்ளலாமா?

சாந்தா:
தாராளமாக. ஆனால் இன்னொரு சந்தேகம். என் தங்கை பணத்தை எடுக்கவே இல்லை. அதே நிறுவனத்தில் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கும் பிடித்திருக்கிறார்கள். அவள் எங்கே விலகினாள்?

ராகவன்:
பழைய திட்டத்தில் விற்று, புதியதில் வாங்கியதாகத்தான் கணக்கு. பிடித்தது சரியே. அறிக்கையில் இரண்டு திட்டத்திலும் ஒவ்வொரு வரி இருக்கும், பழையதில் கழித்தல் குறியோடு. புதியதில் அவருக்கு மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இளவழகன்:
அப்படியானால் 'விலகல்' விழுந்தது. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போனாலும் வாங்குவதுதான் உல்கு. மறுபரிசீலனை செய்யுங்கள்.

மீனாட்சி:
ஐயா, மன்னிக்கவும், காலையிலேயே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். மாற்றினாலும் பிடிப்பார்கள் என்பதைக் கடைசி வரியில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன், இருபது பிரதிதானே.