மக்ரூனுக்கு அடித்த வெள்ளைக்கரு எழும்பவே இல்லை

நெல்லை மருமகள்
தூத்துக்குடி மக்ரூனை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்பட்டு நான்கு முட்டை எடுத்தேன். மூன்றை ஒழுங்காகப் பிரித்துவிட்டேன். நான்காவதில் ஓட்டின் விளிம்பு மஞ்சளைக் கீறி, மிளகளவு வெள்ளையில் விழுந்தது. கரண்டியால் எடுக்கப் போனால் இழையாகப் பரவிவிட்டது. இத்தனூண்டு என்ன செய்துவிடும் என்று பீட்டரைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்தும் மேலே சோப்பு நுரை, அடியில் தண்ணீர். சர்க்கரை சேர்த்ததும் பாகாகிவிட்டது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

அடுப்படி ராணி
முட்டை பழையதாக இருந்திருக்கும். ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், உடனே எழும்பும். என் அம்மா அப்படித்தான் செய்வார்.

பழைய பேக்கரிக்காரர்
அம்மா, உப்பு உதவாது. நுரை பிடிக்கத் தாமதமாகும். சற்றுப் பழைய முட்டை இன்னும் எளிதாகவே நுரைக்கும். காரணம் அந்த மஞ்சள்தான். அடிக்கும்போது வெள்ளைக்கருவின் புரதம் சுருள் பிரிந்து, ஒவ்வொரு காற்றுக் குமிழைச் சுற்றியும் ஒன்றோடொன்று கைகோத்து வேலி கட்டுகிறது. மஞ்சளில் உள்ள கொழுப்பு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. வேலியில் ஓட்டை விழுகிறது, குமிழ் உடைகிறது.

என் கடையில் ஒரு பையன் நாள் முழுக்க இப்படித் தவித்தான். மஞ்சள் துளிகூட விழவில்லை. கடைசியில் பார்த்தால், முந்தின நாள் வெண்ணெய் குழைத்த பிளாஸ்டிக் பாத்திரம்! கழுவினாலும் பிளாஸ்டிக்கில் பிசுக்குத் தங்கிவிடும். அன்றிலிருந்து எவர்சில்வர் பாத்திரம்தான். எலுமிச்சைத் தோலின் உட்புறத்தால் துடைத்துவிட்டுத்தான் முட்டையை ஊற்றுவோம். ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடையுங்கள். ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

கோவை வாசகி
கிரீமில் கொழுப்புதானே நிறைய? அது மட்டும் எப்படிக் கெட்டியாக நிற்கிறது?

பழைய பேக்கரிக்காரர்
அங்கே குளிர்ந்த கொழுப்புத் துகள்களே ஒட்டிக்கொண்டு குமிழைத் தாங்குகின்றன. இரண்டும் வேறு வேலை.

நெல்லை மருமகள்
நேற்று மறுபடி செய்தேன். குளிர்ந்த முட்டையைப் பிரித்து, அரை மணி நேரம் வெளியே வைத்து அடித்தேன். நுரை மென்மையாக வளைந்து நின்றபோது சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தேன். பீட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் முனை வளையாமல் நின்றது, பளபளவென்று! ஆனால் ஒரு சந்தேகம். முந்திரியிலும் எண்ணெய் இருக்கிறதே?

பழைய பேக்கரிக்காரர்
வேலி கட்டி முடிந்த பிறகு வருவதால் அவ்வளவு கெடுதல் இல்லை. கடைசியில் தூவி, மெதுவாக மடித்துக் கலக்கவேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கும்.

தூத்துக்குடிக்காரன்
எங்கள் வீட்டில் முந்திரியை வெயிலில் காயவைத்துப் பொடிப்போம். அதனால்தான் நுரை அமுங்கவில்லையா, தெரியவில்லை. வெயிலில் வைக்காமல் செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.