20 மீட்டரில் ஒரே கொத்து, 50 மீட்டரில் இரண்டு கொத்து: கோளாறு பீப்பிலா, ஆங்கரிலா?

கோவை_வேலு
வணக்கம். 45 பவுண்டு காம்பவுண்ட் வில், வலது கை. குறி பார்க்கும் புள்ளி நுனியில் உள்ள பழைய 5 பின் சைட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதில் மேலிருந்து நான்கு பின்களை 20, 30, 40, 50 மீட்டருக்கு வைத்திருக்கிறேன். ஐந்தாவதைத் தொடவில்லை. நாணை விடும் ரிலீஸ் மணிக்கட்டில் கட்டும் வகை. முழுசாக இழுத்ததும் கை நிற்கும் இடமான ஆங்கரில், ஆள்காட்டி விரல் முட்டி காதுக்குக் கீழே தாடை எலும்பில் உட்காரும், நாண் மூக்கு நுனியைத் தொடும்.

20 மீட்டரில் அம்புகள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு நெருக்கம். 50 மீட்டரில்தான் சிக்கல். கண்டபடி சிதறினால் என் கை சரியில்லை என்று விட்டுவிடுவேன். ஆனால் பாதி அம்பு மஞ்சளில் விழுகிறது, மீதி அதற்கு 7, 8 செ.மீ. கீழே தனிக் கொத்தாக விழுகிறது. இடம் வலம் விலகல் கிடையாது. எங்கள் பயிற்சியாளர் ரிகர்வ் ஆள், "ஆங்கரைப் பாரு" என்கிறார். எனக்குத் தெரிந்து ஆங்கர் மாறவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பாண்டியன் மதுரை
இதில் குழப்பமே இல்லை தம்பி. அம்பு போகும் பக்கம் பின்னைத் தள்ளணும். கீழே விழுந்தால் பின்னைக் கீழே இறக்கு, இடப்பக்கம் போனால் இடப்பக்கம் தள்ளு. 50 மீட்டர் பின்னைக் கொஞ்சம் இறக்கினால் முடிந்தது.

கோவை_வேலு
இறக்கினால் மஞ்சளில் இருக்கிற கொத்து மேலே ஏறிவிடுமே அண்ணா?

ஜெஃப்னா_வில்லாளன்
எனக்கும் இதேதான்! 70 மீட்டரில் கடைசிச் சுற்று முழுக்கக் கீழே போகுது. நாணைத் தாடைக்குக் கீழே அழுத்தித்தான் பிடிக்கிறேன். கிளிக்கர் பிரச்சினையாக இருக்குமா?

தெய்வானை
வில்லாளன், உங்களுடையது ரிகர்வ். அதில் நாணில் கட்டிப் பார்க்கும் துளையான பீப்பே கிடையாது. இவர் கேட்பது வேறு, தனி இழை போடுங்கள், அங்கே பார்க்கலாம்.

வேலு, பாண்டியன் அண்ணன் சொன்ன விதி சரிதான். ஆனால் அது ஒரே கொத்தாக விழுந்து, அந்தக் கொத்து இடம் மாறி இருக்கும்போதுதான் பொருந்தும். இரண்டு கொத்து விழுந்தால் நீங்கள் இரண்டு விதமாகக் குறி பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். பின்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தால் எவ்வளவு? 50 மீட்டரில் பீப் ஓட்டையின் நடுவே எதைக் கொண்டுவருகிறீர்கள், சைட்டின் வட்ட வளையத்தையா, பின் நுனியின் பச்சைப் புள்ளியையா?

கோவை_வேலு
20க்கும் 30க்கும் நடுவே 7 மி.மீ., அடுத்தது 8, கடைசி 7. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல இன்று கவனித்துப் பார்த்தேன். சில சமயம் வளையம், சில சமயம் புள்ளி. நிதானமாக எய்தால் புள்ளியை நடுவில் கொண்டுவருகிறேன்.

தெய்வானை
அந்தக் கடைசி 7தான் காட்டிக்கொடுக்கிறது. தூரம் போகப் போக அம்பு இறங்கும் வேகம் கூடும், அதனால் பின் இடைவெளி கீழே போகப் போக விரிய வேண்டும். 7, 8 என்று வந்தால் அடுத்தது 8க்குச் சற்று மேலே இருக்கணும். குறைந்தால் அந்த ஒரு பின் மட்டும் வேறு மாதிரிப் பார்த்து வைக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நடப்பது இதுதான். உங்கள் 50 மீட்டர் பின் வளையத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. கீழே இருக்கும். பீப்பில் வளையத்தை நடுவாக்கிவிட்டு அந்தப் பின்னைப் பார்த்தால், பார்வை பீப் ஓட்டையின் கீழ்ப்பாதி வழியாகப் போகும். புள்ளியை நடுவாக்கினால் ஓட்டையின் மையம் வழியாகப் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பீப்புக்கும் பின்னுக்கும் நடுவே சுமார் 85 செ.மீ. என்றால், பீப்பில் 1 மி.மீ. தவறுவது 20 மீட்டரில் 2.4 செ.மீ., 50 மீட்டரில் 6 செ.மீ. உங்கள் 7, 8 செ.மீ. கணக்கு அப்படியே வருகிறதா? 20 மீட்டரில் தெரியாததற்கும் இதுதான் காரணம். அங்கே தூரமும் குறைவு, மேல் பின் மையத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

ஆக, எல்லாத் தூரத்துக்கும் வளையத்தை மட்டும் பீப்பில் பொருத்துங்கள். சுற்றிலும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒரே அளவில் தெரியணும். பின் எங்கே இருந்தாலும் அதை இலக்கில் வையுங்கள், அவ்வளவுதான். முதல் நாள் எல்லா அம்பும் கீழே இருக்கிற கொத்துக்குப் போய்விடும், பயப்படாதீர்கள். அப்போது பாண்டியன் அண்ணன் விதிப்படி பின்னை 1.3 மி.மீ. போல இறக்குங்கள்.

பாண்டியன் மதுரை
ஏன், எல்லாப் பின்னையும் புள்ளியை நடுவாக்கியே வைத்துக்கொண்டால் ஆகாதா? நான் பல வருஷமாக அப்படித்தான் எய்கிறேன்.

தெய்வானை
ஆகும் அண்ணா, ஒரே மாதிரி செய்தால் போதும். ஆனால் ஒவ்வொரு பின்னுக்கும் தலையையோ வில்லையோ இம்மி நகர்த்த வேண்டியிருக்கும். களைத்த பிறகு அந்த நகர்வு ஒரே அளவில் வராது என்பது என் எண்ணம். உங்களுக்கு வருகிறதென்றால் மாற்றாதீர்கள்.

பாண்டியன் மதுரை
எனக்கு வருது. ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் விட்டுவிடுகிறேன்.

தெய்வானை
சரி, வேலு, ஆங்கரையும் ஒருமுறை சோதியுங்கள். பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். இலக்குக்குப் பக்கத்தில் நின்று அம்பை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு முழுசாக இழுங்கள். முட்டி தாடையில், நாண் மூக்கில் என்று உட்கார்ந்த பிறகு கண்ணைத் திறங்கள். வளையம் பீப்பில் நேராகத் தெரியணும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் பீப் தப்பான உயரத்தில் கட்டியிருக்கிறது. ஆங்கர்தான் முதலில், பீப்பை அதற்கு ஏற்றபடி நகர்த்தணும். நாணைத் தளர்த்தும் பிரஸ்ஸில் வில்லைப் போட்டுத்தான் நகர்த்துவார்கள், நீங்களாக நாணை விரித்து இழுக்காதீர்கள். நகர்த்திய பின் எல்லாப் பின்னும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

கோவை_வேலு
வளையம் மட்டும் பார்த்து எய்தேன் அக்கா. நீங்கள் சொன்னபடியே எல்லாம் கீழே போனது, ஒரே கொத்தாக. பின்னை இறக்கினேன், இப்போது கடைசி இடைவெளி 8 மி.மீ.க்குச் சற்று மேல். கண்ணை மூடிய சோதனையில் பீப் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, தலையைக் குனியணும் போல. இது கடையில்தான் சரிசெய்யணும்.

நெல்லை_சிவா
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் மூக்குக் கண்ணாடி போடுபவன். கண்ணாடி போட்டால் பின் தெளிவு, கழற்றினால் இலக்கு மங்கல். ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகப் பார்க்கிறேன், அதனால் ஆங்கர் ஒவ்வொரு நாளும் வேறாகிறது. வளையத்தைப் பொருத்தினால் இதுவும் சரியாகுமா?

தெய்வானை
சிவா, வளையம் பொருந்தினால் மேல் கீழ் சரியாகும். ஆனால் கழுத்துத் திருப்பம் மாறினால் நாண் முகத்தில் அழுந்தும் அளவு மாறி இடம் வலம் போகும். பீப்பில் லென்ஸ் போடுகிறவர்கள் உண்டு, நான் போட்டதில்லை. கண்ணாடியோடு எய்கிறவர் யாராவது சொல்லட்டும்.

பாண்டியன் மதுரை
ஃப்ரேமை மேலே தள்ளி ரப்பர் கட்டிப் பார், என் நண்பன் ஒருவன் அப்படித்தான் செய்கிறான். அழகாக இருக்காது.